பயணம் எத்தனை இரவு? முதலில் பணம் போடுபவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நாக்பூரில் ஒரு கிளையின் கடன் பிரிவில் பணியாற்றிவந்தோம். ஒரு நவம்பர் மாதத்தில், இருபத்தாறு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் 75,000 ரூபாய் தனிநபர் கடன் கேட்டு வந்தார். மருத்துவமனைகளுக்கு ஆய்வகக் கருவிகளை விற்கும் ஒரு நிறுவனத்தில் அவர் சர்வீஸ் இன்ஜினியர். பிடித்தம் போகக் கையில் கிடைக்கும் சம்பளம் 32,000 ரூபாய். வீட்டில் திருமணமா, மருத்துவச் செலவா என்று வழக்கம்போல் கேட்டோம். "எதுவும் இல்லை சார். கம்பெனி எனக்கு ஐம்பதாயிரம் தரவேண்டியிருக்கிறது. அது வரும்வரை சமாளிக்கத்தான்" என்றார்.

அவருடைய கணக்கு விவரத்தைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. மாதக் கடைசியில் சம்பளம் ஒரு வரவு, பயணச் செலவுக்கான தொகை இன்னொரு வரவு. இரண்டும் சேர்ந்து 56,000 ரூபாய்க்கு மேல். ஆனால் பத்தாம் தேதிக்குள் கணக்கில் சில நூறுகளே மிஞ்சின. கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய்க்கு மேல் நிலுவை. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவரிடம் ஊதாரித்தனம் ஏதும் இல்லை. தம் நிறுவனத்தின் பயணச் செலவுக்குத் தாமே கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கடனுக்காக வெளியே வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

வேலைக்குச் சேருமுன் அவர் கேட்காமலும் இல்லை. தொலைபேசியில் பேசிய ஆள்சேர்ப்பு அலுவலரிடம் பயணம் உண்டா என்று கேட்டிருக்கிறார். "கொஞ்சம் இருக்கும். செலவெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று விடை வந்திருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பயணம் இருந்தது, செலவை நிறுவனமும் கொடுத்தது. எத்தனை இரவு, எப்போது கொடுப்பார்கள் என்னும் இரண்டையும் அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அவருடைய கணக்கை இங்கே சற்று விரிவாகப் போட்டுப் பார்ப்போம். தலைமையிடம் நாக்பூர். பார்க்க வேண்டிய பகுதி விதர்பா முழுவதும்: அமராவதி, அகோலா, யவத்மால், சந்திரபூர், கோந்தியா. மாதத்தில் சராசரியாக 12 இரவுகள் வெளியூரில் தங்கினார். தங்கும் அறைக்கு 1,200, சாப்பாட்டுக்கு 400, ஊருக்குள் ஆட்டோவுக்கு 200 என நாளொன்றுக்கு 1,800 ரூபாய். பன்னிரண்டு நாட்களுக்கு 21,600. பேருந்து, ரயில் கட்டணம் மாதத்துக்கு 4,400. ஆக மொத்தம் 26,000 ரூபாய்.

மாதம் முடிந்த பின் ஐந்தாம் தேதிக்குள் பில்களுடன் கிளைம் அனுப்ப வேண்டும். மேலாளர் ஒப்புதல் தந்து, கணக்குப் பிரிவு சரிபார்த்து, அந்த மாதச் சம்பளத்தோடு பணம் வரும். கேட்பதற்கு ஒழுங்கான ஏற்பாடாகத்தான் தோன்றும். ஆனால் ஏப்ரல் 1-ஆம் தேதி அவர் கொடுத்த அறை வாடகை மே 31-இல் திரும்பி வருகிறது, அறுபது நாள். ஏப்ரல் 30-ஆம் தேதிச் செலவுக்கும் ஒரு மாதக் காத்திருப்பு. மே 31 காலையில், பணம் வருவதற்குச் சற்று முன்பு, ஏப்ரல் மாதத்தின் 26,000, மே மாதத்தின் 26,000 என 52,000 ரூபாய் அவருடைய பணம் வெளியே நிற்கிறது. கைக்கு வரும் சம்பளமோ 32,000. "ஐம்பதாயிரம் தரவேண்டியிருக்கிறது" என்று அவர் சொன்னது மிகையன்று.

வாசகர்கள் தம் நிலைமைக்கும் இக்கணக்கை எளிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாளின் சராசரிப் பயணச் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 26,000 என்றால் முப்பது நாளுக்கு வகுத்து நாளுக்குச் சுமார் 867 ரூபாய். கிளைம் அனுப்பும் இடைவெளியையும், அனுப்பிய பின் பணம் வர ஆகும் நாட்களையும் கூட்டி, அந்த எண்ணால் பெருக்குங்கள். மாதம் ஒருமுறை கிளைம், அதன்பின் ஒரு மாதம் காத்திருப்பு என்றால் அறுபது நாள்; 52,000 ரூபாய். இதே வேலையில் வாரந்தோறும் கிளைம் அனுப்பலாம், பத்து நாளில் பணம் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டால் பதினேழு நாள். சுமார் 14,700 ரூபாய். பயணம் குறையவில்லை, அறை வாடகை குறையவில்லை; பணம் திரும்பும் வேகம் மட்டும் மாறியிருக்கிறது.

கடன் அட்டை எப்படி உள்ளே வந்தது?

அட்டையில் செலவழித்தால் ஐம்பது நாள் வரை வட்டியில்லையே, அதைக்கொண்டு சமாளிக்கலாமே என்று அவர் எண்ணினார். பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அந்த ஐம்பது நாள் எல்லாச் செலவுக்கும் கிடைப்பதில்லை. அவருடைய அட்டைக்கு ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி பில் போடப்படும்; அடுத்த மாதம் 5-ஆம் தேதி கட்ட வேண்டும். ஏப்ரல் முதல் பதினைந்து நாள் செலவை மே 5-இலேயே கட்ட வேண்டியிருந்தது. நிறுவனத்திடமிருந்து முதல் ரூபாய் வந்ததோ மே 31-இல். அந்த ஒரு மாதத்தில் முழுத்தொகையைக் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினார்.

முழுத்தொகையையும் கட்டாத மாதத்திலிருந்து வட்டியில்லாக் காலம் என்பதே போய்விடுகிறது. பழைய நிலுவைக்கு மட்டுமின்றிப் புதிதாகச் செய்யும் ஒவ்வொரு செலவுக்கும், செலவு செய்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. அத்துடன், தாலுகா ஊர்களில் உள்ள சிறு விடுதிகள் சில அட்டையை ஏற்பதில்லை. அதற்காக இரண்டு மூன்று முறை அட்டையைக்கொண்டே ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்திருந்தார். ரொக்கத்துக்கு வட்டியில்லா நாள் ஒன்றுகூடக் கிடையாது. அதற்கெனத் தனிக் கட்டணமும் உண்டு.

மாதம் 3.5 சதவீத வட்டி என்ற கணக்கில், 40,000 ரூபாய் நிலுவைக்கு 1,400 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252 ரூபாய். மாதம் 1,652. அறை வாடகைக்கான பில்லை நிறுவனம் ஏற்கும். இந்த வட்டிக்கான பில்லை எந்த நிறுவனமும் ஏற்காது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. அனுப்பிய 26,000-க்கு அவருக்குச் சராசரியாக 24,300 தான் வந்துகொண்டிருந்தது. சில ஊர்களில் அறைக்கு 1,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்பது சேர்ந்த பிறகே அவருக்குத் தெரிந்தது. ஆட்டோவுக்குப் பில் இல்லை. சில விடுதிப் பில்களில் நிறுவனத்தின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லையென்று திருப்பிவிட்டார்கள். இவ்வாறு வெட்டுப்பட்ட 1,700 ரூபாயையும் வட்டி 1,652 ரூபாயையும் கூட்டினால் மாதம் 3,350. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. சேரும்போது அவர் ஒப்புக்கொண்ட சம்பளம் காகிதத்தில் 32,000, உண்மையில் 28,650.

கடன் தகுதியைக் கணக்கிடும்போது அவருக்கு இன்னோர் அதிர்ச்சி. மாதம் 56,000 வரவு இருக்கிறதே, தாராளமாகக் கடன் கிடைக்கும் என்று நம்பியிருந்தார். பயணச் செலவு திரும்பி வருவதை வங்கி வருமானமாகக் கொள்வதில்லை. அது ஏற்கெனவே செலவான பணம். 32,000 ரூபாயைத்தான் எடுத்துக்கொண்டோம். அட்டை வரம்பின் பெரும்பகுதியை மாதந்தோறும் பயன்படுத்தியதால் அவருடைய கிரெடிட் ஸ்கோரும் இறங்கியிருந்தது. முடிவில், அட்டை நிலுவையை அடைக்கும் அளவுக்கு மட்டும் 45,000 ரூபாயை 24 மாதத் தவணையில் வழங்கினோம். 12 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 2,100 ரூபாய். 42 சதவீத வட்டியிலிருந்து 12 சதவீதத்துக்கு வந்தார். ஆனால் நோயின் காரணம் அப்படியே இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செலவு செய்துவிட்டுப் பின்னர் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடே தவறு என்று நாம் கூறவில்லை. இதே வேலையை, கணக்கில் ஐம்பது அறுபதாயிரம் சேமிப்பு வைத்திருந்த ஒருவர் ஏற்றிருந்தால் அவருக்கு என்ன நட்டம்? 52,000 ரூபாய்க்குச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 3 சதவீத வட்டி என்று கொண்டாலும் 1,560 ரூபாய், மாதத்துக்கு 130. ஒரே விதிமுறை, சேமிப்பு உள்ளவருக்கு மாதம் 130 ரூபாய்ச் செலவு, இல்லாதவருக்கு 1,650. ஆகவே, மேலாளராக இருபது ஆண்டு அனுபவம் பெற்றவர் கேட்காமல் விடக்கூடிய கேள்வியை, முதல் வேலைக்குப் போகும் பிள்ளை கேட்காமல் விடக்கூடாது.

எத்தனை நாள் என்று கேட்பது எப்படி?

"பயணம் அதிகமா?" என்ற கேள்விக்கு "அவ்வளவாக இல்லை" என்பதைத் தவிர வேறு விடை வருவது அரிது. "25 சதவீதப் பயணம்" என்று வேலை விளம்பரத்தில் இருந்தாலும் அதுவும் தெளிவானதன்று. மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால் ஐந்தாறு நாள் என நாம் நினைப்போம். திங்கள் காலை ஒன்பது மணிக்கு அகோலாவில் நிற்க வேண்டுமானால், 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாக்பூரிலிருந்து ஞாயிறு மாலையே புறப்பட வேண்டும். அந்த ஞாயிறு 25 சதவீதத்துக்குள் வராது.

எனவே இரவுகளைக் கணக்காகக் கேட்பது நல்லது. "இந்தப் பணியில் இப்போது இருப்பவர், அல்லது கடைசியாக இருந்தவர், கடந்த மூன்று மாதங்களில் மாதத்துக்கு எத்தனை இரவுகள் வெளியூரில் தங்கினார்?" என்று கேட்டால் விடை எண்ணாகத்தான் வரவேண்டும். அதிக இரவுகள் தங்கிய மாதம் எது, எத்தனை என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். சராசரி எட்டாக இருந்து, மார்ச் மாதத்தில் பதினெட்டாக இருந்தால், கையில் இருக்க வேண்டிய பணத்தைத் தீர்மானிப்பது பதினெட்டுதான்.

விற்பனை, மருந்துப் பிரதிநிதி போன்ற களப்பணிகளில் இன்னொரு சொல்லைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அங்கே ஊர்களைத் தலைமையிடம், எக்ஸ்-ஸ்டேஷன், அவுட்-ஸ்டேஷன் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். காலையில் போய் அன்றே திரும்பும் ஊர் எக்ஸ்-ஸ்டேஷன். இரவு தங்கும் ஊர் அவுட்-ஸ்டேஷன். முன்னதற்குத் தினப்படி குறைவு, அறை வாடகை கிடையாது. நாக்பூரிலிருந்து சந்திரபூர் சுமார் 150 கிலோமீட்டர். அதை எக்ஸ்-ஸ்டேஷன் என்று பட்டியலில் போட்டுவிட்டால், மருத்துவரைச் சந்தித்து முடிக்க இரவு எட்டு மணியானாலும் திரும்பி வரத்தான் வேண்டும். தங்கினால் அது சொந்தச் செலவு. எந்தெந்த ஊர் எந்த வகை என்ற பட்டியல் இத்தகைய நிறுவனங்களில் எழுத்தில் இருக்கும். கேட்டால் காட்டுவார்கள். சொந்த இருசக்கர வாகனத்தில் செல்ல வேண்டிய வேலையென்றால், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதோடு, பெட்ரோலுக்கு முதலில் பணம் போடுபவர் யார் என்பதும் இதே கேள்விதான்.

முதலில் பணம் போடுபவர் யார்?

"செலவை யார் ஏற்பார்கள்?" என்பதும் "செலவுக்கு முதலில் யார் பணம் தருவார்கள்?" என்பதும் வேறு வேறு கேள்விகள். முதற்கேள்விக்கு எல்லா நிறுவனமும் "நாங்கள்" என்றே சொல்லும். இரண்டாம் கேள்விக்கான விடைதான் நம் கணக்கைத் தொடுகிறது.

நல்ல ஏற்பாடு, பயணச் சீட்டையும் அறையையும் நிறுவனமே பதிவு செய்து நேரடியாகப் பணம் கட்டுவது. பெரிய செலவு இரண்டும் அத்தோடு முடிந்தன; சாப்பாடும் ஆட்டோவும்தான் நம் கையிலிருந்து. இன்னொன்று, நிலையான முன்பணம். சேர்ந்தவுடன் 10,000 அல்லது 15,000 ரூபாய் கொடுத்துவிட்டு, கிளைம் வர வர அதை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வெளியூர்ப் பணிக்கு முன்பணம் எடுத்துச் செல்வது பழைய பழக்கம். டி.ஏ. பில், ஹால்டிங் அலவன்ஸ் என்று நாமும் எழுதி எழுதிக் கை சலித்தவர்கள்தாம். எழுதுவது சலிப்பே தவிர, சொந்தப் பணத்தில் போக நேர்ந்ததில்லை. முன்பணம் என்பது கடன் என்பதை மட்டும் மறக்கலாகாது; வேலையை விடும்போது கணக்கு ஒப்படைத்துத் திருப்பித் தர வேண்டும்.

சில நிறுவனங்கள் கார்ப்பரேட் அட்டை தருகின்றன. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. அட்டைத் தொகையை வங்கிக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையதா, ஊழியருடையதா? அட்டையில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருந்தாலும் பொறுப்பு ஊழியருடையதாக இருக்கக்கூடும். அப்படியானால் கிளைம் தாமதமானாலும் தவணை நாளில் நாம்தான் கட்டியாக வேண்டும். "இந்த அட்டையின் நிலுவைக்குப் பொறுப்பு யார்?" என்ற ஒரே வரிக் கேள்வி போதும்.

இவை எதுவும் இல்லாமல், செலவழித்துவிட்டுப் பெற்றுக்கொள்ளும் முறை என்றால், கிளைம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, அனுப்பிய எத்தனையாவது நாளில் பணம், ஊருக்கு ஊர் அறை வாடகை வரம்பு எவ்வளவு, பில் கிடைக்காத செலவுக்கு என்ன வழி ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு மேலே சொன்ன பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

சம்பளப் பட்டியலையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆண்டு மொத்தம் என்று சொல்லப்படும் சி.டி.சி. தொகைக்குள் "பயணப்படி" என்று ஒரு வரி இருந்தால், அது நாம் உண்மையில் செய்யும் செலவுக்கான பணமா, அல்லது அதற்கு மேல் தனியாகச் செலவுத் தொகை வருமா என்று கேளுங்கள். முதலாவது என்றால், அறை வாடகையை நம் சம்பளத்திலிருந்தே நாம் கட்டுகிறோம் என்று பொருள். வருமான வரியிலும் வேறுபாடு உண்டு. பில் கொடுத்துத் திரும்பப் பெறும் அலுவலகச் செலவு நம் வருமானமன்று. நிலையாகத் தரும் பயணப்படிக்கு, அலுவலகப் பயணத்துக்காக உண்மையில் செலவான அளவுக்கே விலக்கு.

எப்போது, யாரிடம்?

எத்தனை இரவு என்பதை முதல் தொலைபேசி உரையாடலிலேயே கேட்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பணம் குறித்த கேள்வியை, தேர்வாகிச் சம்பளம் பேசும் நேரத்துக்கு வைத்துக்கொள்வது பொருத்தம். ஆனால் பழைய வேலைக்கு ராஜினாமா கொடுப்பதற்கு முன் விடை கையில் இருக்க வேண்டும். கொடுத்த பிறகு கேட்டால், விடை எதுவாயினும் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அழைப்பவர் நிறுவனத்தின் மனிதவளத் துறையைச் சேர்ந்தவரா, வெளியிலுள்ள ஆள்சேர்ப்பு முகவரா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முகவர் பல நிறுவனங்களுக்கு ஆள் பார்ப்பவர். கிளைம் எத்தனாவது நாளில் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊகித்துச் சொல்லும் விடையைவிட, "நிறுவனத்திடம் கேட்டுச் சொல்கிறேன்" என்னும் விடையே மேல். அவர் கேட்டுச் சொல்வதற்கு வசதியாக மின்னஞ்சலில் எழுதிவிடலாம். கீழ்க்கண்டவாறு சுருக்கமாக, எந்த மொழியில் பேசிவருகிறீர்களோ அந்த மொழியில் எழுதினால் போதும்:

"வணக்கம். பணி வாய்ப்பை வழங்கியமைக்கு நன்றி. ஒப்புதல் தருமுன் பயணம் தொடர்பாகச் சில விவரங்களை அறிய விரும்புகிறேன். கடந்த மூன்று மாதங்களில் இப்பணியில் மாதத்துக்கு எத்தனை இரவுகள் வெளியூரில் தங்க நேர்ந்தது? பயணச் சீட்டையும் தங்கும் அறையையும் நிறுவனமே பதிவு செய்யுமா? மற்றச் செலவுகளுக்கு முன்பணம் உண்டா? இல்லையெனில், கிளைம் எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்பலாம், எத்தனை நாளில் பணம் வரும்? பயணச் செலவு விதிகளின் பிரதி கிடைத்தால் உதவியாக இருக்கும்."

இதில் சம்பளத்தைக் கூட்டச் சொல்லும் சொல் ஒன்றுமில்லை. நமக்குத் தெரிந்த அளவில், இக்கேள்விகளால் வேலையை இழந்தவர் எவரும் இல்லை. விடையைப் படிக்கும்போது எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். "கம்பெனி விதிப்படி" என்று வந்தால், அந்த விதியின் பக்கத்தைக் கேளுங்கள். "எல்லோரும் சமாளிக்கிறார்கள்" என்று வந்தால், எல்லோரும் சொந்தப் பணத்தில் சமாளிக்கிறார்கள் என்றே கொள்ளுங்கள். சொல்லப்பட்ட முன்பணமோ கிளைம் காலமோ நியமனக் கடிதத்தில் இடம்பெறாவிட்டாலும், மின்னஞ்சலில் இருந்தால் பின்னர் எடுத்துக்காட்ட முடியும்.

"முதலில் பணம் போடுபவர் யார்" என்ற கேள்வி வேறொரு தருணத்திலும் எழுகிறது. நேர்முகத் தேர்வுக்கு விமானச் சீட்டு பதிவு செய்கிறோம், அதற்குத் திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகை கட்டுங்கள், சேர்ந்தவுடன் பயணச் செலவோடு சேர்த்துத் தந்துவிடுவோம் என்று செய்தி வந்தால், அங்கே வேலை என்று ஒன்று கிடையாது. வேலைக்கு எடுப்பவர் விண்ணப்பதாரரிடம் பணம் கேட்பதில்லை. பயணப்பணத்தை அனுப்புகிறோம், யு.பி.ஐ. பின் எண்ணைப் போடுங்கள் என்பதும் அதே வகை. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவைப்படாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்து, கிளைக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறிப்போவதற்கு முன் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு.

நாக்பூர் இளைஞர் அடுத்த ஆண்டு இறுதியில் மீண்டும் வந்தார். இம்முறை கடனுக்கு அன்று; இரண்டு வேலை வாய்ப்புகளைப் பற்றிக் கேட்க. ஒன்றில் கைக்கு 36,000; செலவழித்துவிட்டு மாதக் கிளைம், அடுத்த மாதச் சம்பளத்தோடு பணம். மற்றொன்றில் 34,500. இரண்டாவது நிறுவனத்துக்கு ஆள் பார்த்த முகவருக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. மின்னஞ்சலை நிறுவனத்துக்கு அனுப்பி, இரண்டு நாளில் விடை வாங்கித் தந்தார். மாதத்துக்குச் சராசரி 10 இரவு. அறை நிறுவனத்தின் பதிவு. நிலையான முன்பணம் 12,000. கிளைம் 1-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும். பத்து நாளில் பணம்.

கவுன்டரிலேயே கணக்குப் போட்டோம். சாப்பாடும் ஆட்டோவும் நாளுக்கு 600 வீதம் 6,000. பேருந்து, ரயில் 4,000. மாதம் 10,000 ரூபாய். பதினைந்து நாளும் பத்து நாளும் சேர்த்து இருபத்தைந்து நாளுக்கு, வெளியே நிற்கும் தொகை அதிகபட்சம் 8,300 ரூபாய் அளவில். முன்பணம் 12,000 அதைத் தாங்குகிறது. சொந்தப் பணம் ஒரு ரூபாயும் தேவையில்லை. முதல் நிறுவனத்தில் 1,500 ரூபாய் கூடுதல் சம்பளம். ஆனால் அங்கே மீண்டும் அறுபது நாள் காத்திருப்பு, அவரிடமோ அப்போது சேமிப்பு 9,000 ரூபாய்தான். அட்டை வட்டி ஒன்றே அந்த 1,500-ஐ விழுங்கிவிடும்.

அவர் 34,500 ரூபாய் வேலையை எடுத்துக்கொண்டார். பழைய நிறுவனத்திலிருந்து விலகும்போது கடைசி இரண்டு மாதக் கிளைம் இறுதிக் கணக்குத் தீர்வில் சிக்கிக்கொண்டது. பில்களின் நகலையும் அனுப்பிய மின்னஞ்சல்களையும் வைத்திருந்ததால், மூன்று மாதம் அலைந்து 47,000 ரூபாய் வாங்கினார். அதில் ஒரு பகுதியைக்கொண்டு நம் கடனின் மீதித் தவணைகளை முன்கூட்டியே அடைத்துவிட்டார். மீதியை ஒரு வைப்புக் கணக்கில் போடச் சொன்னோம். "இது பயணத்துக்கான பணம் சார், தொட மாட்டேன்" என்று படிவத்தில் கையெழுத்திட்டார்.